சுழியில் தொடங்கும் இனிமை

நுழையும்முன்

கரும்பின் இனிப்பை நாவால் அறியலாம். ஆனால், எவ்வளவு இனிப்பு என்பதை நாவால் சொல்ல இயலாது. அந்த அளவை ஒரு துளிச் சாற்றைக்கொண்டு அரை நிமிடத்தில் காட்டும் கருவி கை ஒளிவிலகல்மானி. சாற்றை அளப்பதற்கு முன் இக்கருவி தூய நீரை அளந்து காட்ட வேண்டும். அது ஏன் என்பதையும், அச்சோதனையைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கருவி, இரு களங்கள்

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், வல்லம், ஒரகடம் எனத் தொடரும் தொழில் வழித்தடத்தில் ஊர்திகளும் அவற்றின் உதிரிப் பாகங்களும் உருவாகின்றன. உலோகத்தைக் கடைந்தும் துளையிட்டும் பாகங்களைச் செய்யும் எந்திரங்களில், வெட்டுமுனை சூடேறாதிருக்க எண்ணெயும் நீரும் கலந்த பால்போன்ற நீர்மம் இடைவிடாமல் பாய்கிறது. தொழிலாளர்கள் அதனைக் கூலண்ட் என்பர். அதில் எண்ணெய் குறைந்தால் பாகம் துருப்பிடிக்கும். மிகுந்தால் பொருள் வீணாகும். ஆகவே, எந்திரப் பணியாளர் அதில் ஒரு துளியை எடுத்து, ஒரு சாண் நீளமுள்ள குழல் போன்ற கருவியின் முனையில் இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கிறார். அக்குழலே கை ஒளிவிலகல்மானி.

அவ்வழித்தடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகத் தெற்கே சென்றால் செங்கற்பட்டையும், அதனைக் கடந்து படாளத்தையும் அடையலாம். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அங்கேதான் உள்ளது. அதுபோன்ற ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் வயல்களிலும் இதே கருவி பயன்படுகிறது. எந்தத் தோட்டத்தை எப்போது வெட்டலாம் என முடிவு செய்யக் கரும்புத்துறைப் பணியாளர்கள் இதில் சாற்றை இட்டுப் பார்க்கின்றனர். பட்டறையில் எண்ணெயை அளக்கும் கருவியும் வயலில் சர்க்கரையை அளக்கும் கருவியும் ஒன்றாக இருப்பது எவ்வாறு? அக்கருவி உண்மையில் எண்ணெயையும் அளப்பதில்லை, சர்க்கரையையும் அளப்பதில்லை. நீர்மத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது.

ஒளி வரையும் எல்லைக்கோடு

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் செல்லும்போது திசை மாறுகிறது. இதனை ஒளிவிலகல் என்கிறோம். எந்த அளவிற்குத் திசை மாறும் என்பதை ஊடகத்தின் ஒளிவிலகல் எண் குறிக்கிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.333 ஆகும். நீரில் சர்க்கரை கரையக் கரைய இவ்வெண் உயர்கிறது. நூறு கிராம் கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் அது 1.348 ஆகவும், 20 கிராம் இருந்தால் 1.364 ஆகவும் உயரும். இச்சிறு வேறுபாட்டைக் கண்ணால் காணத்தக்க அளவாக மாற்றுவதே கருவியின் பணி.

கருவியின் முனையில் சாய்வாக வெட்டப்பட்ட கண்ணாடி முப்பட்டகம் ஒன்று உள்ளது. அதன்மீது நீர்மத்தின் துளியை இட்டு, மூடித்தகட்டை மூடினால் துளி மெல்லிய படலமாகப் பரவும். மூடித்தகட்டின் வழியே வரும் வெளிச்சம் அப்படலத்தில் எல்லாத் திசைகளிலும் புகுந்து, கண்ணாடிக்குள் நுழைகிறது. நீர்மத்தைவிடக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மிகுதி. ஆதலால், நீர்மப் பரப்பை ஒட்டித் தவழ்ந்துவரும் கதிர்கூட, கண்ணாடிக்குள் ஒரு குறிப்பிட்ட கோணத்திற்கு மேல் விலகிச் செல்ல முடியாது. அக்கோணமே மாறுநிலைக் கோணம். அக்கோணம் வரையில் ஒளி பரவும். அதற்கு அப்பால் ஒளியே இராது. எனவே, கண்ணருகு வில்லையில் பார்ப்பவருக்கு வட்டப் புலத்தின் ஒரு பகுதி வெளிச்சமாகவும் மற்றொரு பகுதி நீலமாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு அளவுகோலில் எந்த எண்ணின்மேல் விழுகிறதோ, அதுவே அளவீடு.

முப்பட்டகக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 எனக் கொள்வோம். நீரை இட்டால் மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 61.3 பாகை, 20 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசலை இட்டால் 63.8 பாகை. சுழியிலிருந்து இருபது வரையிலான அளவுகள் முழுவதும் இந்த இரண்டரைப் பாகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஓர் அலகிற்குப் பாகையில் எட்டில் ஒரு பங்கே கிடைக்கிறது. கருவி கீழே விழுந்தாலோ, இருசக்கர வண்டியில் நெடுந்தொலைவு குலுங்கினாலோ, உள்ளிருக்கும் அளவுகோலும் முப்பட்டகமும் மயிரிழை அளவு இடம்பெயரலாம். அந்த மயிரிழையே அளவீட்டை ஓர் அலகு மாற்றிவிடப் போதுமானது.

> தெரியுமா?
> அளவுகோலில் உள்ள அலகு பிரிக்ஸ் எனப்படும். செருமனி நாட்டு அறிஞர் அடோல்ஃப் பிரிக்ஸ் (1798–1870) பெயரால் இது வழங்குகிறது. நூறு கிராம் கரைசலில் 18 கிராம் சுக்ரோஸ் இருந்தால் அதன் அளவு 18 பிரிக்ஸ். அதே நாட்டைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் அபே 1874ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய ஒளிவிலகல்மானியைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். மாறுநிலைக் கோணத்தை அளக்கும் அம்முறையே இன்றைய கைக்கருவிக்கும் அடிப்படை.

நீர் சொல்லும் சான்று

வாலைவடிநீரில் கரைபொருள் ஏதும் இல்லை. ஆகவே, அதனை இட்டால் எல்லைக்கோடு சரியாகச் சுழியின்மேல் நிற்க வேண்டும். வேறிடத்தில் நின்றால் அவ்வேறுபாடு கருவியின் சுழிப்பிழையாகும். திருகு அளவியிலும் வெர்னியர் அளவியிலும் நாம் காணும் சுழிப்பிழையைப் போன்றதே இது.

சோதனையின் முதற்படி தூய்மை செய்தல். முப்பட்டகத்தையும் மூடித்தகட்டின் உட்புறத்தையும் வாலைவடிநீரால் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சொரசொரப்பான துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். கீறலால் எல்லைக்கோடு மங்கும். பின்னர் இரண்டு அல்லது மூன்று துளி வாலைவடிநீரை இட்டு, காற்றுக்குமிழி சேராதவாறு மூடித்தகட்டை மெல்ல மூட வேண்டும். குமிழி இருக்கும் இடத்தில் நீர்மம் இல்லையாதலால் எல்லைக்கோடு அங்கே கலையும். நீரும் கண்ணாடியும் ஒரே வெப்பநிலையை அடைய அரை நிமிடம் காத்திருந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோடு சுழியில் இல்லையெனில் உடனே திருகைத் திருப்பிவிடக் கூடாது. முதலில் கழுவித் துடைத்துப் புதிய துளியை இட்டு மீண்டும் பார்க்க வேண்டும். முந்திய நாள் அளந்த சாற்றின் படலம் கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்தால், அது புதிய நீரில் கரைந்து, அளவீட்டைச் சுழிக்கு மேல் உயர்த்தும். அப்போது திருகைத் திருப்பிச் சுழிக்குக் கொண்டுவருபவர் பிழையை நீக்கவில்லை. நல்ல கருவிக்குள் பிழையைப் புகுத்துகிறார். படலம் கழுவப்பட்டபின் அளக்கும் ஒவ்வொரு சாறும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கழுவிய பின்னும் இரண்டு முறை தொடர்ந்து ஒரே வேறுபாடு தோன்றினால் மட்டுமே, அது கருவியின் பிழை என உறுதி செய்து, திருகால் எல்லைக்கோட்டைச் சுழியில் நிறுத்த வேண்டும். அதன்பின் இன்னொரு புதிய துளியால் சரிபார்த்தல் வேண்டும்.

வாலைவடிநீருக்கு மாற்றாக ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் என்ன? உப்புகளும் ஒளியை வளைப்பவையே. ஒரு லிட்டரில் 2 கிராம் உப்புகள் கரைந்துள்ள நீர், ஏறத்தாழ 0.2 பிரிக்ஸ் அளவுக்கு உயர்வாகக் காட்டும். சுழி முதல் 32 வரை அளக்கும் கைக்கருவியில் பெரும்பாலும் ஒரு சிறு பிரிவின் அளவு 0.2 ஆகும். அந்நீரைச் சுழி எனக் கொண்டு திருகைத் திருப்பினால், அளவுகோல் முழுவதும் ஒரு பிரிவு இறங்கிவிடும்.

வெப்பம் செய்யும் மாற்றம்

நீர்மம் சூடேறினால் விரிவடைந்து அடர்த்தி குறைகிறது. அதனுடன் ஒளிவிலகல் எண்ணும் குறைகிறது. பிரிக்ஸ் அளவுகோல் 20 பாகை செல்சியஸிற்கு உரியது. வெப்பத்திருத்தம் இல்லாத கருவியில் 30 பாகை வெப்பமுள்ள சாற்றை அளந்தால், அளவீடு உண்மையைவிட ஏறக்குறைய 0.8 குறைவாக இருக்கும். அதே வெப்பநிலையில் வாலைவடிநீரை இட்டாலும் எல்லைக்கோடு ஏறத்தாழ அதே அளவு இறங்கிச் சுழிக்குக் கீழே நிற்கும். இரண்டும் ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே அளவு விலகுவதால், அளக்கும் இடத்திலேயே, சாற்றின் வெப்பநிலையிலேயே சுழியைச் சரிசெய்தால் இப்பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். குளிரூட்டப்பட்ட அறையில் காலையில் சரிசெய்த கருவியை நண்பகல் வயலில் பயன்படுத்தினால் பிழை அப்படியே தங்கிவிடும்.

தானே வெப்பத்திருத்தம் செய்துகொள்ளும் கருவிகளும் உள்ளன. அவற்றுள் இருக்கும் ஈருலோகத் தகடு வெப்பத்திற்கேற்ப வளைந்து, அளவுகாட்டும் பகுதியைச் சிறிது நகர்த்துகிறது. இத்தகைய கருவியின் சுழியை 20 பாகையை ஒட்டிய வெப்பநிலையில் சரிசெய்ய வேண்டும். இதன் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 பாகை வரையில்தான் செல்லும். கோடையில் திருப்பெரும்புதூர், மதுராந்தகம் பகுதிகளில் நண்பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்துவிடும். வெயிலில் கிடந்த கருவியின் உலோக உறை அதனினும் சூடாக இருக்கும். ஆகவே, எந்தக் கருவியாயினும் காலைப்பொழுதில், நிழலில் வைத்து அளப்பதே தக்கது.

ஒரு வயல், இரு முடிவுகள்

கரும்பு அடியிலிருந்து நுனி நோக்கி முதிர்கிறது. முதிராத கரும்பின் அடிப்பகுதி இனிக்கும். நுனி சப்பென்று இருக்கும். முதிர முதிர இவ்வேறுபாடு குறைந்து, நுனியின் அளவு அடியின் அளவை நெருங்கும். வயல் அளவீட்டில் இரண்டு குறிகளைப் பார்ப்பது வழக்கம். சாற்றின் பிரிக்ஸ் 18-ஐ எட்டியிருக்க வேண்டும் என்பது ஒன்று. நுனியின் அளவை அடியின் அளவால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 0.95-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. விகிதம் 0.95-க்குக் குறைந்தால் கரும்பு இன்னும் முதிரவில்லை. 1-ஐக் கடந்தால் முதிர்ச்சி மிகுந்துவிட்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு வயலில் பணியாளர் சுழியைச் சோதிக்காமலே அளக்கிறார் எனக் கொள்வோம். வயலின் பல இடங்களில் கரும்புகளைத் தேர்ந்து, துளைக்கருவியால் கணுவிடையில் குத்திச் சாறெடுத்து அளக்கிறார். சராசரியாக அடியில் 19.0, நடுவில் 18.4, நுனியில் 17.8 எனக் கிடைக்கின்றன. மூன்றின் சராசரி 18.4. பதினெட்டைக் கடந்துவிட்டதால் வெட்டு உத்தரவு வழங்கலாம் எனத் தோன்றுகிறது.

அதன்பின் முறைப்படி கழுவி, வாலைவடிநீரை இட்டுப் பார்க்கிறார். எல்லைக்கோடு 1.0-இல் நிற்கிறது, மீண்டும் கழுவிப் பார்த்தாலும் அங்கேயே நிற்கிறது. கருவியின் சுழிப்பிழை கூடுதல் 1.0 என்பது உறுதியாகிறது. இப்பிழை அளவுகோல் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் ஒன்றைக் கழிக்க வேண்டும். அப்போது அடி 18.0, நடு 17.4, நுனி 16.8, சராசரி 17.4. முடிவு மாறிவிட்டது. அக்கரும்பு இன்னும் சில நாள் வயலில் நிற்க வேண்டும். முன்னரே வெட்டியிருந்தால், அடுத்துவரும் நாள்களில் தண்டில் சேரவேண்டிய சர்க்கரை சேராமலே போயிருக்கும். ஆண்டெல்லாம் நீர் பாய்ச்சிய உழவருக்கும் அதனைப் பிழியும் ஆலைக்கும் அது மீட்கவியலாத இழப்பு.

இக்கணக்கில் இன்னொன்றும் கருதத்தக்கது. திருத்தத்திற்கு முன் விகிதம் 17.8-ஐ 19.0-ஆல் வகுக்க 0.937, திருத்தியபின் 16.8-ஐ 18.0-ஆல் வகுக்க 0.933. இரண்டுமே 0.95-க்குக் குறைவு. சுழிப்பிழை அடியையும் நுனியையும் ஒருங்கே உயர்த்துவதால், விகிதத்தை அது பெரிதும் மாற்றுவதில்லை. சராசரி முதிர்ந்தது என்கிறது; விகிதம் முதிரவில்லை என்கிறது. இவ்வாறு இரண்டும் முரண்பட்டு நிற்கும் இடத்தில் கருவியை ஐயுற வேண்டும் என்பது அனுபவமுள்ள பணியாளரின் முறை.

நீர் சொல்லாத செய்திகள்

வாலைவடிநீர்ச் சோதனை அளவுகோலின் ஒரு முனையை மட்டுமே உறுதி செய்கிறது. சுழியில் சரியாக நிற்கும் கருவி, இருபதில் பிழையாகக் காட்டவும் கூடும். அதனை அறியத் தெரிந்த செறிவுடைய கரைசல் ஒன்று தேவை. 20 கிராம் தூய வெள்ளைச் சர்க்கரையை 80 கிராம் வாலைவடிநீரில் முழுதும் கரைத்தால் 20 பிரிக்ஸ் கரைசல் கிடைக்கும். 20 கிராம் சர்க்கரையை 100 கிராம் நீரில் கரைப்பது பலரும் செய்யும் பிழை. அக்கரைசலின் மொத்த எடை 120 கிராம் ஆகிவிடுவதால், அதன் அளவு 16.7 பிரிக்ஸ் மட்டுமே.

சாற்றிலும் கவனம் தேவை. பிழிந்த சாற்றில் மிதக்கும் நார்த்துகள்களும் மண்ணும் எல்லைக்கோட்டை மங்கச் செய்யும். எனவே, துணியில் வடிகட்டிச் சற்றுத் தெளியவிட்டு அளக்க வேண்டும். நெடுநேரம் மூடாமல் விட்ட துளியில் நீர் ஆவியாவதால் அளவு தானாகவே ஏறும். எல்லைக்கோடு நிலையாக நிற்காமல் மெல்ல மேலேறிக்கொண்டே இருப்பது இதன் அறிகுறி.

இவை அனைத்தும் சரியாக இருப்பினும், பிரிக்ஸ் என்பது சுக்ரோஸின் அளவு அன்று என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். கரும்புச்சாற்றில் சுக்ரோஸுடன் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள், கரிம அமிலங்கள் ஆகியனவும் கரைந்துள்ளன. ஒளியை வளைப்பதில் கருவி இவற்றை வேறுபடுத்திக் காண்பதில்லை. ஆலைக்கோ படிகமாகும் சுக்ரோஸே தேவை. அதனை அறிய ஆலை ஆய்வகத்தில் முனைவுற்ற ஒளியின் தளம் எவ்வளவு சுழல்கிறது என்பதை அளக்கின்றனர். அவ்வளவு போல் எனப்படும். போலைப் பிரிக்ஸால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது சாற்றின் தூய்மை விழுக்காடு. இரண்டு சாறுகள் ஒன்றுபோல் 18 பிரிக்ஸ் காட்டலாம். ஒன்றின் போல் 15.8 எனில் அதன் தூய்மை 87.8 விழுக்காடு, மற்றொன்றின் போல் 14.0 எனில் தூய்மை 77.8 விழுக்காடு. ஒளிவிலகல்மானிக்கு இரண்டும் ஒன்றே. ஆலைக்கு அவை வேறுவேறு.

வெட்டிய கரும்பு நாள்கணக்கில் வெயிலில் கிடக்கும்போது இவ்வேறுபாடு மிகத் தெளிவாகும். தண்டிலுள்ள சுக்ரோஸ் சிதைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறுகிறது. அவையும் ஏறக்குறைய அதே அளவில் ஒளியை வளைப்பதால் பிரிக்ஸ் குறைவதில்லை. தண்டு காய்ந்து நீர் குறைவதால் பிரிக்ஸ் உயரவும் செய்யும். கருவியில் எண் ஏறுகிறது. கரும்பில் கிடைக்கும் சர்க்கரையோ குறைகிறது. இதனாலேயே நிற்கும் கரும்பின் முதிர்ச்சியை அறிய உதவும் இக்கருவியை, வெட்டிக் கிடக்கும் கரும்பின் தரத்தை அறிய நம்ப இயலாது.

எண்ணின் பொருள்

ஒரகடத்துப் பட்டறையின் கூலண்டிலும் இதே நிலைதான். அளவுகோல் சர்க்கரைக்காக வரையப்பட்டது. எண்ணெய் சர்க்கரையைப்போல் ஒளியை வளைப்பதில்லை. எனவே, ஒவ்வொரு கூலண்டிற்கும் அதனைத் தயாரிப்பவர் ஒரு பெருக்கெண்ணைத் தருகிறார். பெருக்கெண் 1.5 எனில், அளவுகோலில் 4 என்பது 6 விழுக்காட்டுக் கலவையைக் குறிக்கும். அங்கே 0.8 அளவுள்ள சுழிப்பிழை, பெருக்கப்பட்டு 1.2 விழுக்காட்டுப் பிழையாக வளர்ந்துவிடும். ஆகவே, பட்டறையிலும் முதல் துளி தூய நீராகவே இருத்தல் வேண்டும்.

கருவி காட்டுவது ஓர் எல்லைக்கோட்டின் இடத்தை மட்டுமே. அது எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதை வாலைவடிநீர் உறுதி செய்கிறது. அது எதனைக் குறிக்கிறது என்பதை, துளி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறிந்தவரே சொல்ல முடியும்.